பொங்கல் விடுமுறை 2026: எங்கள் மாவுக் கடை நோட்டீஸைப் பார்த்து நீங்கள் கேட்ட கேள்விகள்

ஷட்டரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸும் வாட்ஸ்அப்பில் போட்ட படமும் ஒன்றுதான். அதில் இருப்பது இவ்வளவு:

பொங்கல் விடுமுறை, ஜனவரி 2026
கடைசி விற்பனை: 13 செவ்வாய், இரவு 8 மணி வரை
கடை இல்லாத நாட்கள்: 14 புதன், 15 வியாழன், 16 வெள்ளி, 17 சனி, 18 ஞாயிறு
ஷட்டர் திறப்பது: 19 திங்கள், மாலை 4 மணி. அன்று புளிக்காத மாவு மட்டும்
புளித்த மாவு கிடைப்பது: 20 செவ்வாய், காலை 6.30

இதைப் படித்த பிறகும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெங்களூரு அல்சூரில் எட்டுக்குப் பத்து அடிக் கடை. கல்லாவில் நான், கிரைண்டரில் வீட்டுக்காரர், நடுவில் ஒரு தராசு. மாவு நிறுக்கிற நேரத்தில் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அக்கா, 18ஆம் தேதி கடை உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

இல்லை.

இந்தக் கேள்விக்குக் காரணமே நான் போன வருஷம் எழுதிய நோட்டீஸ்தான். அப்போது "13 முதல் 17 வரை விடுமுறை" என்று மட்டும் எழுதியிருந்தேன். எனக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. 17ஆம் தேதியும் லீவு, 18 காலையில் கடை. ஆனால் "17 வரை" என்றால் 17ஆம் தேதி கடை வந்துவிடும் என்று படித்தவர்கள் பாதிப் பேர். அன்று சாயங்காலம் தூக்குப் பாத்திரத்தோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாடி வீட்டு அஜ்ஜி கணக்குச் சொன்னார்: பதினோரு பேர். கன்னடத்தில் எழுதிய வரியிலும் இதே சிக்கல்தான். நம்முடைய "வரை" மாதிரியே அவர்களுடைய "வரெகெ" என்பதும் அந்தக் கடைசி நாளை உள்ளே சேர்க்கிறதா வெளியே விடுகிறதா என்று படிப்பவரையே முடிவு பண்ணச் சொல்லும்.

அதனால் இந்த வருஷம் நாட்களுக்கு "வரை" போடவில்லை. லீவு நாட்களை ஒவ்வொன்றாக எழுதிவிட்டேன். ஐந்து நாள்தானே, காகிதத்தில் இடம் இருக்கிறது. அதைவிட முக்கியமானது கீழே இருக்கிற வரி. வருகிறவர்களுக்கு லீவு எப்போது முடிகிறது என்பது பெரிய விஷயமில்லை, எப்போது வந்தால் மாவு கிடைக்கும் என்பதுதான் வேண்டும். அதை நேரத்தோடு எழுதிவிட்டால் மேலே உள்ளதைத் தப்பாகப் படித்தாலும் சரியான நாளில்தான் வருவார்கள்.

"பொங்கல் 14ஆம் தேதிதானே? நீங்க 15னு கணக்கு வெச்சிருக்கீங்களே?"

போன வருஷம் 14, செவ்வாய்க்கிழமை. இந்த வருஷம் தை முதல் நாள் 15, வியாழக்கிழமை. 14 போகி.

இந்தக் கேள்வி வந்த வழி வேடிக்கையானது. பக்கத்து அபார்ட்மென்ட் குரூப்பில் யாரோ எங்கள் நோட்டீஸ் என்று ஒரு படத்தை அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தால் அது போன வருஷத்துப் படம்! நான் அதில் வருஷமும் போடவில்லை, கிழமையும் போடவில்லை. எந்த வருஷத்துக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு படம் போய்விட்டால் அது எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த முறை தலைப்பிலேயே 2026 இருக்கிறது, ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் கிழமை இருக்கிறது.

கிழமை எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அவசரத்தில் நான் தேதியைத் தப்பாக எழுதிவிட்டால் கிழமை காட்டிக் கொடுத்துவிடும். இந்தத் தடவையே முதலில் "19 ஞாயிறு" என்று எழுதிவிட்டேன். மகள் காலண்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டுல ஒண்ணு பொய்" என்றாள்.

"திங்கக்கிழமை திறக்கிறீங்க, சரி. அப்புறம் இட்லி மாவு ஏன் செவ்வாய்க்கிழமை? ஒரு நாள் வீணாப் போகுதே!"

மளிகைக் கடையாக இருந்தால் ஷட்டரைத் தூக்கியதும் வியாபாரம் ஆரம்பித்துவிடலாம். மாவுக் கடையில் அப்படி முடியாது. ஷட்டர் திறக்கிற நாள் வேறு, மாவு கிடைக்கிற நாள் வேறு. போன வருஷம் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதாததால்தான் காலையிலேயே வந்த நிறைய பேருக்குக் கோபம். "கடை திறந்திருக்கு, மாவு இல்லைன்னா எப்படி?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான்.

திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு முதல் வேலை தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி பண்ணுவது. ஐந்து நாள் நின்ற தண்ணீரில் அரிசி ஊற வைக்கக் கூடாது. புதுத் தண்ணீர் ஏறியதும் அரிசியைக் கழுவி ஊற வைப்போம். அது நாலரை, ஐந்து மணி நேரம் ஊற வேண்டும். உளுந்தை அப்போதே போட மாட்டோம். முழு வெள்ளை உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதிகம் ஊறினால் ஆட்டும்போது பொங்கி வராது, இட்லி தட்டையாகிவிடும். அதனால் உளுந்து ஒன்பதரை மணிக்குத்தான் தண்ணீரில் விழும்.

அதற்கு நடுவில் கிரைண்டர். லீவுக்கு முன்னால் கழுவித் துடைத்துக் காயவைத்துத் துணி போட்டு மூடித்தான் வைப்போம். இருந்தாலும் கல்லின் அடியிலும் நடுத்தண்டைச் சுற்றியும் எங்காவது ஒரு விரல் மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். ஐந்து நாளில் அதற்கு ஒரு வாடை வந்துவிடும். முதலில் வெந்நீர் ஊற்றி ஓடவிட்டு, பிறகு ஊறிய அரிசியில் இரண்டு கை போட்டு ஆட்டி, அந்த மாவை அப்படியே கொட்டிவிடுவோம். இதைச் செய்யாமல் ஆட்டினால் முதல் நாள் மாவில் ஒரு பழைய துணி வாசனை இருக்கும். வீட்டு கிரைண்டரை நாள் கணக்கில் சும்மா வைத்திருக்கிறவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

பதினோரு மணிக்கு உளுந்து ஏறும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பத்து லிட்டர் கிரைண்டர். முதல் நாளுக்கு 40 கிலோ மாவு என்று கணக்கு. உளுந்தை இரண்டு தடவையும் அரிசியை நாலு தடவையும் போட வேண்டும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ அரை மணி. கலந்து உப்புப் போட்டு முடிக்க மதியம் இரண்டரை ஆகும். நாலு மணிக்கு ஷட்டர் தூக்கும்போது இருப்பது இந்தப் புளிக்காத மாவுதான். வீட்டிலேயே புளிக்க வைத்துக்கொள்கிறவர்கள் அன்றே வாங்கிப் போகலாம்.

மீதி மாவு கடையிலேயே இரவு முழுவதும் இருக்கும். சென்னையில் என்றால் எட்டு மணி நேரத்தில் பொங்கி வழியும். பெங்களூரு ஜனவரி ராத்திரியில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஷட்டரைச் சாத்தி, அண்டாக்களைச் சேர்த்து வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடினாலும் பதினைந்து, பதினாறு மணி நேரம் பிடிக்கும். மதியம் இரண்டரையிலிருந்து எண்ணினால் செவ்வாய் காலை ஆறரை. நோட்டீஸில் இருக்கிற 6.30 அப்படி வந்ததுதான். நான் தூங்கி எழுகிற நேரத்தை வைத்துப் போட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை ராத்திரியே வந்திடுவீங்கல்ல? அப்பவே ஊற வெச்சா திங்கள் காலையிலேயே ஆட்டிடலாமே."

வந்து சேர்ந்தால் ஆட்டலாம்தான். அரிசியை இந்தக் குளிரில் ராத்திரி முழுக்க ஊற விட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஞாயிறு ராத்திரி என்பது ஊருக்குப் போன எல்லோரும் பெங்களூருக்குத் திரும்புகிற ராத்திரி. ஒசூர் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் வண்டிகள் நத்தை மாதிரி நகர ஆரம்பிக்கும். போன வருஷம் நாங்கள் வீட்டுக்குள் கால் வைத்தபோது மணி ஒன்று பத்து.

பஸ் நேரத்துக்கு வந்தால் என்ன செய்வோம் என்பதை வைத்து நோட்டீஸ் எழுதக் கூடாது. பஸ் தாமதமானால் என்ன செய்வோம் என்பதை வைத்துத்தான் எழுத வேண்டும். சீக்கிரம் வந்து மதியமே திறந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. சொன்ன நேரத்தில் இல்லையென்றால்தான் வருவார்கள். எனவே ஞாயிறு ராத்திரி ஊற வைத்துவிட்டால் அது எங்களுக்குள் இருக்கட்டும். உங்களுக்கு நான் சொன்னது நாலு மணி, அதையே நம்புங்கள்.

"லீவுக்கு முன்னாடி இருக்கிற மாவுல கொஞ்சம் எடுத்து வெச்சு, புது மாவுல கலந்தா சீக்கிரம் புளிக்காதா?"

தினமும் அதைத்தான் செய்கிறோம், குளிர்காலத்தில். முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி கலந்தால் இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே எழும்பும். ஆனால் ஐந்து, ஆறு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்த மாவைக் கலந்தால் அந்தப் பழைய புளிப்பும் சேர்ந்துதான் வரும். முதல் நாளே "மாவு புளிச்சுப் போச்சு" என்று பெயர் வாங்க எனக்கு ஆசை இல்லை. உளுந்தோடும் அரிசியோடும் வருகிற கிருமிகளே மாவைப் புளிக்க வைக்கப் போதும், நேரம்தான் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதனால் 20ஆம் தேதி மாவு வழக்கத்தைவிடப் புளிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இட்லிக்கு நன்றாக இருக்கும். முறுகல் தோசை வேண்டுமென்றால் சாயங்காலம் வரை வெளியே வைத்திருந்து ஊற்றுங்கள்.

"13ஆம் தேதி எவ்வளவு வாங்கி வெச்சா 20 வரைக்கும் ஓட்டலாம்?"

முழுவதும் ஓட்ட முடியாது. இதைச் சொன்னால் எனக்குத்தான் வியாபாரம் குறையும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான்கு கிலோ வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். சனிக்கிழமை வரைதான் நன்றாக இருக்கும்.

எதிர்த் தெரு டீச்சர் வீட்டுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். வீட்டில் நான்கு பேர். ஒரு கிலோவில் 16லிருந்து 18 இட்லி வரும். அவர்களுக்கு அது ஒரு வேளை. வியாழக்கிழமை காலை பொங்கல்தான், இட்லி கிடையாது. ஊரிலிருந்து வருகிறவர்களும் இல்லை. அவர்களுக்கு மூன்று கிலோ போதும் என்றேன். அதில் ஒரு கிலோ புளித்தது, இரண்டு கிலோ புளிக்காதது.

புளித்த ஒரு கிலோ புதன்கிழமை காலை இட்லிக்கு. புளிக்காத இரண்டு கிலோவும் வாங்கின உடனே நேராக ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், வெளியே ஒரு மணி நேரம்கூட மறந்து வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் புளிப்பதை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். அதில் ஒரு கிலோவை வியாழன் மாலை நாலு மணிக்கு வெளியே எடுத்து வைத்தால் வெள்ளி காலை இட்லி. ஃப்ரிட்ஜிலிருந்து வந்த மாவு முதலில் குளிர் விட வேண்டும், அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடும். அதனால் ராத்திரி படுக்கப் போகும்போது எடுத்து வைத்தால் காலையில் எழும்பியிருக்காது. மிச்சம் ஒரு கிலோ வெள்ளி மாலை வெளியே வந்தால் சனிக்கிழமை தோசை. அதில் மீந்தால் வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டுப் பணியாரம். ஞாயிறும் திங்களும் உப்புமா, சப்பாத்தி, அவர்கள் விருப்பம்.

பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். எழும்புகிறபோது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கவரோடு அப்படியே வைக்கிறவர்கள்தான் நிறைய. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் கவர் வெடித்து ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு வரைக்கும் மாவு ஓடிவிட்டது. அவர் போட்டோ அனுப்பினார். நான் சிரிக்கவில்லை, வீட்டுக்காரர்தான் சிரித்தார். இரவில் எழும்பவே மாட்டேன் என்கிறது என்றால் பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி, சமையல் முடிந்த அடுப்பு மேடையில் வையுங்கள். எழும்பிய பிறகு போட்டுக் கலக்காதீர்கள், உள்ளே இருக்கிற காற்று போய்விடும்.

புளித்த வாடை வருவதால் மாவு கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். மேலே லேசாகத் தண்ணீர் பிரிந்து நின்றாலும் பரவாயில்லை. ஆனால் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால், கரண்டியில் எடுக்கும்போது நூல் மாதிரி இழுத்தால், அல்லது புளிப்பைத் தாண்டி அழுகின வாடை அடித்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்த வேண்டாம். முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

"ஃப்ரீசர்ல போட்டு வெச்சா?"

கெடாது. ஆனால் உறைந்து இளகிய மாவில் இட்லி சரியாக எழும்பாது. தோசைக்குச் சமாளிக்கலாம்.

"13ஆம் தேதி வடை மாவு வாங்கி வெச்சு பொங்கல் அன்னைக்குச் சுடலாமா?"

வேண்டாம். இதற்கு மட்டும் நான் ஆர்டரே எடுக்கவில்லை. வடை மாவு அன்றைக்கு ஆட்டி அன்றைக்கே எண்ணெயில் விழ வேண்டியது. ஒரு நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். இரண்டாவது நாள் இளகி, கையில் தட்ட வராது, எண்ணெயும் குடிக்கும். போகி அன்று சுடுகிறவர்களுக்கு 13ஆம் தேதி மாலை தருகிறேன், உப்பில்லாமல். உப்பைச் சுடுவதற்கு முன்னால்தான் சேர்க்க வேண்டும், முன்னாடியே போட்டால் மாவு நீர்த்துவிடும்.

பொங்கல் அன்று வேண்டுமென்றால் வீட்டு மிக்ஸியிலேயே முடியும். ஒரு டம்ளர் உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளித்து, விட்டு விட்டு அரையுங்கள். மிக்ஸி சூடானால் மாவு கெட்டியாக நிற்காது, ஐஸ் தண்ணீர் அதற்காகத்தான். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும்.

"நாங்க மெஸ் நடத்துறோம், தினமும் 12 கிலோ உங்ககிட்டதான். அஞ்சு நாள் எப்படி ஓட்டுறது?"

மெஸ்காரர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் நோட்டீஸை மட்டும் நம்பி விடமாட்டேன். ஜனவரி 2ஆம் தேதியே ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்லியாகிவிட்டது. அரைக் கிலோ வாங்குகிறவருக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் போதும், 12 கிலோ வாங்குகிறவருக்கு வேறு இடம் பார்க்க நாள் வேண்டும்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற மாவுக் கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன். அவர் கன்னடக்காரர், அவருக்குப் பொங்கலுக்கு வியாழக்கிழமை ஒரு நாள்தான் லீவு. நீங்கள் அரிசி, உளுந்து கொண்டு போய்க் கொடுத்தால் கூலிக்கு ஆட்டித் தருவார். 12 கிலோ மாவுக்கு நாலு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இது எங்கள் அளவு. அவர் தன் கடை மாவுக்கு உளுந்து குறைத்துப் போடுகிறவர், அதனால் அவருடைய மாவை அப்படியே வாங்கினால் இட்லி கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். உங்கள் அரிசியும் உளுந்தும் கொடுத்து ஆட்டிக்கொண்டால் அந்த வித்தியாசம் இருக்காது.

போன வருஷம் இப்படி அனுப்பியதில் ஒரு டீக்கடை திரும்பி வரவில்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் அதில் மனத்தாங்கல். எனக்கு இல்லை. ஐந்து நாள் அவருடைய அடுப்பு அணையாமல் இருந்ததே, அது போதும்.

"மாசக் கார்டுல அஞ்சு நாளைக் கழிச்சிடுவீங்களா?"

கார்டில் நாள் கணக்கே இல்லை, கிலோ கணக்குதான். பத்து கட்டம், கிலோவுக்கு ஒரு டிக். ஜனவரி 31 என்று முடிவு போட்ட கார்டுகள் பிப்ரவரி 5 வரை செல்லும், புதுச் சீல் தேவையில்லை.

"தமிழ்க் கடைதானே, நோட்டீஸ்ல கன்னடம் ஏன் மேலே?"

பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டமே வந்துவிட்டது. நோட்டீஸில் அதற்காக எழுதவில்லை. எங்களிடம் வாங்குகிறவர்களில் சரிபாதிப் பேர் "அக்கா, ஒந்து கேஜி தோசெ ஹிட்டு" என்று கேட்கிறவர்கள். அவர்களுக்குப் புரியாமல் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் பாதி ஒட்டின மாதிரிதான்.

மூன்று மொழியிலும் முழுக் கதையும் எழுதினால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும், ரோட்டிலிருந்து படிக்க முடியாது. அதனால் தேதிகளை நடுவில் பெரிதாக ஒரே தடவை எழுதிவிட்டேன். எண்கள் எல்லோருக்கும் பொது. கடை இல்லை, கடை திறக்கும், புளித்த மாவு என்கிற மூன்றை மட்டும் மூன்று மொழியிலும் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கன்னட வரியை மாடி வீட்டு அஜ்ஜியிடம் காட்டித் திருத்தினேன். "ரஜெ" என்று நான் எழுதிய இடத்தில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்ததாம்.

"கூகுள் மேப்ல உங்க கடை 'Open'னு காட்டுது, நம்பி வரலாமா?"

இப்போது சரி பண்ணியாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு நேரம் போட்டு வைத்தால் அது பண்டிகை தெரியாமல் அதையேதான் காட்டும். "Special hours" என்கிற இடத்தில் அந்த ஐந்து தேதிகளுக்கும் தனித்தனியாக மூடல் போட்டிருக்கிறாள் மகள். 19ஆம் தேதிக்கு மாலை 4 என்று மாற்றியிருக்கிறாள். "Temporarily closed" என்று போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதைப் போட்டுவிட்டு ஊரிலிருந்து வந்த களைப்பில் எடுக்க மறந்தால் பிப்ரவரி வரைக்கும் கடை மூடியே இருப்பதாகத் தெரியும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் 10, 12, 13 ஆகிய மூன்று நாளும் போடுவோம், பிறகு 18ஆம் தேதி ஒரு தடவை.

"எந்த ஊருக்குப் போறீங்க? நோட்டீஸ்ல அதைப் போடவே இல்லையே!"

நேரில் கேட்டால் சொல்வேன், திருவண்ணாமலைப் பக்கம். ஷட்டரில் எழுத மாட்டேன். "குடும்பத்தோடு ஊருக்குச் செல்வதால்" என்று எழுதுவது ஐந்து நாள் இங்கே ஒரு ஆளும் இல்லை என்று தெருவுக்கே சொல்வது மாதிரி. "விடுமுறை" என்றால் போதும். கல்லாவிலும் காசு வைத்துவிட்டுப் போவதில்லை, தராசும் அஜ்ஜி வீட்டுக்குப் போய்விடும்.

"சொன்னபடி 19 திறக்க முடியலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேட்டஸ் பாருங்கள். பஸ் எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஒரு வரி போட்டுவிடுவோம். நேரத்தில் மாற்றம் இல்லையென்றாலும் "மாற்றம் இல்லை" என்று போடுவோம், ஏனென்றால் ஒன்றுமே போடாவிட்டால் எல்லோரும் போன் பண்ணிக் கேட்பீர்கள். ஸ்டேட்டஸ் பார்க்காதவர்களுக்கு ஷட்டர் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். தேதி மாறினால் அஜ்ஜிக்குப் போன் பண்ணி, அதில் சாக்பீஸால் எழுதச் சொல்வேன். அச்சடித்த நோட்டீஸில் அடித்துத் திருத்தினால் எது பழசு எது புதுசு என்று தெரியாது. சிலேட்டில் எழுத்து இருந்தால் அதுதான் கடைசிச் செய்தி. காலியாக இருந்தால் நோட்டீஸ் சொல்வதே சரி.

திங்கள் மதியம் ஆட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது புளிக்காத மாவு தாமதமாகும். போகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் செவ்வாய்க் காலையும் ஒரு மணி நேரம் தள்ளும். அதையும் சிலேட்டில் எழுதுவோம்.

"செவ்வாய் காலையில வந்தா கட்டாயம் மாவு கிடைக்குமா?"

வழக்கமாக ஒரு நாளைக்கு 60 கிலோ, திங்கள் ஆட்டுவது 40தான். ஒரே கிரைண்டரில் பதினோரு மணிக்கு ஆரம்பித்து அதற்கு மேல் ஆட்டினால் இரண்டரைக்குள் கலக்கி வைக்க முடியாது, கடைசியாக ஆட்டியது காலை ஆறரைக்குப் புளித்திருக்காது. போன வருஷம் எட்டேகாலுக்கெல்லாம் அண்டா காலி. எட்டு மணிக்கு மேல்தான் வர முடியும் என்கிறவர்கள் திங்கள் மாலை வரும்போதோ வாட்ஸ்அப்பிலோ எத்தனை கிலோ என்று சொல்லிவிடுங்கள், பேர் எழுதித் தனியாக எடுத்து வைக்கிறேன், பத்து மணி வரை. வீட்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அன்று மட்டும் கிடையாது. பாத்திரம் கொண்டு வாருங்கள். கவர் தீர்ந்துவிட்டது, வாங்கப் போக அன்றைக்கு நேரம் இருக்காது.